78 வயது அப்பாவுக்குத் தமிழ் சப்டைட்டில்: ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

அப்பாவுக்கு 78 வயது. காது மெஷின் போட்டிருக்கிறார். டிவியில் ஆள் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார் என்பதுதான் பிடிபடுவதில்லை. வயதால் வரும் காது மந்தத்தில் கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் குறையும். ச, த போன்ற மெய்யொலிகளின் தெளிவு அந்த உயர்ந்த ஒலிகளில்தான் இருக்கிறது. அதனால் வால்யூமைக் கூட்டினால் சத்தம் கூடுகிறதே தவிர சொல் தெளிவதில்லை. நங்கநல்லூர் வீட்டு ஹாலில் கோடைக்காலம் முழுக்க ஃபேன் முழு வேகத்தில் ஓடும். அந்த இரைச்சலும் சேர்ந்துகொண்டால் அவருக்கு சப்டைட்டில் இல்லாமல் படம் இல்லை.

ஆனால் டிவியோடு வரும் வழக்கமான அளவு அவருக்குப் போதவில்லை. கண்புரை ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்டும் பார்வை 6/18 என்று கண் டாக்டர் எழுதியிருந்தார். அந்த எண்ணை வைத்தே எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போடலாம். நல்ல பார்வை உள்ளவர் 6 மீட்டரில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் உயர எழுத்தை அடையாளம் காண்பார். அப்பா உட்காரும் 3 மீட்டர் தூரத்தில் அதில் பாதி போதும். 6/18 என்றால் அதைப்போல மூன்று மடங்கு வேண்டும், அதாவது 13 மில்லிமீட்டர். இது முட்டிமோதி அடையாளம் காணும் அளவுதான். ஓடுகிற வசனத்தை வசதியாகப் படிக்க இரண்டு மடங்காவது வேண்டும். ஆக 26 மில்லிமீட்டர். எங்கள் வீட்டு 43 இஞ்ச் டிவியின் திரை உயரம் 53 சென்டிமீட்டர் சொச்சம். திரை உயரத்தில் இருபதில் ஒரு பங்கு உயரம் ஒவ்வொரு எழுத்துக்கும் வேண்டும். படத்தை நிறுத்தி, ஸ்கேலை வைத்து ‘க’ எழுத்தை அளந்தால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும்.

எங்களுடையது கூகிள் டிவி. Settings > System > Accessibility > Captions என்று போனால் Text size, Caption style இரண்டும் கிடைக்கும். பழைய ஆண்ட்ராய்டு டிவிகளில் Accessibility என்பது Device Preferences என்பதற்குள் இருக்கும். Text size-இல் Very large வைத்துப் பார்த்தோம். படிக்க முடிந்தது. ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு வசனம் மூன்று வரி, சில சமயம் நான்கு வரியாக மடிந்து திரையின் நடுப்பகுதி வரை ஏறியது. முகத்தை நெருக்கமாகக் காட்டும் காட்சிகளில் பேசுகிறவர் வாயே மறைந்துபோனது. காது மந்தமானவர்கள் உதட்டசைவையும் சேர்த்துப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். அப்பாவும் அப்படித்தான். “என்னம்மா இது, எழுத்து தெரியுது, ஆளைக் காணோமே” என்றார்.

தீர்வு மெனுவில் கிடைக்கவில்லை, நாற்காலியில் கிடைத்தது. அளவை Large-க்குக் குறைத்துவிட்டு, அவர் நாற்காலியை ஒரு மீட்டர் முன்னால் நகர்த்தினோம். 2 மீட்டரில் அதே கண்ணுக்கு 17 மில்லிமீட்டர் எழுத்தே போதும். வசனம் பெரும்பாலும் இரண்டு வரிக்குள் அடங்கியது, வாயும் தெரிந்தது. சோபா சுவரோடு ஒட்டியிருக்கும் ஹால்களில் எல்லாரும் முதலில் எழுத்தைப் பெரிதாக்கத்தான் போவார்கள். நான் சொல்வது, முதலில் தூரத்தைக் குறையுங்கள்.

அடுத்தது எழுத்தின் ஓரம். இதுதான் தமிழுக்கு மிக முக்கியம் என்று நினைக்கிறேன். Caption style-இல் Custom எடுத்தால் Edge type என்று ஒன்று இருக்கிறது. அதில் Outline வைத்தால் எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு வரும். ஆங்கிலத்துக்கு அது நன்றாகவே இருக்கிறது. தமிழில் அந்தக் கோடு புள்ளியை நெருக்கிவிடுகிறது, ண, ன சுழிகளுக்குள் இருக்கும் இடைவெளியையும் அடைத்துவிடுகிறது. ‘ட்’ எது, ‘ட’ எது என்று தெரியாமல் ஊகித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. அதனால் Edge type-ஐ None என்று வைத்துவிட்டு, Show background-ஐ இயக்கி, பின்னணியைக் கறுப்பாக்கினோம். Background opacity 75 சதவீதம் வைத்தால் பின்னால் வெள்ளைச் சட்டை, வானம் எது வந்தாலும் எழுத்து நிற்கிறது. எழுத்து நிறம் மஞ்சள். கண்புரை வந்த கண்ணுக்குள் வெளிச்சம் சிதறுவதால், பளிச்சென்ற வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி படர்வதாக அப்பா சொல்வார். மஞ்சளில் அந்தத் தொந்தரவு அவருக்குக் குறைவு. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வெள்ளையே பிடிக்கலாம், இரண்டையும் காட்டிக் கேளுங்கள். Font family-யை மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதில் உள்ள எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்கானவை. எதைத் தேர்ந்தாலும் தமிழுக்கு எங்கள் டிவி தன்னிடம் உள்ள ஒரே தமிழ் எழுத்துருவைத்தான் காட்டுகிறது.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு செயலியில் பழைய பொடி எழுத்தே வந்துகொண்டிருந்தது. டிவியில் வைக்கும் அமைப்பை எல்லாச் செயலிகளும் மதிப்பதில்லை. சிலவற்றில் தனியாக வைக்க வேண்டும். நெட்ஃப்ளிக்ஸில் அது ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனி. கணினியில் கணக்குப் பக்கத்தைத் திறந்து, அந்தப் புரொஃபைலுக்குள் Subtitle appearance போனால் அளவு, நிறம், பின்னணி எல்லாம் மாற்றலாம். அப்பாவுக்கென்று தனிப் புரொஃபைல் போட்டுவிட்டால் மற்றவர்கள் பார்க்கும்போது பெரிய மஞ்சள் எழுத்து குறுக்கே வராது. யூடியூப் பரவாயில்லை. கணினியில் பார்க்கும்போது + , - விசைகளாலேயே அளவு மாறும், சப்டைட்டிலை மவுஸால் பிடித்து மேலே இழுத்தும் வைக்கலாம்.

டிவியில் அப்படி இழுக்க வழி இல்லை. எழுத்து எங்கே வரும் என்பதைப் பெரும்பாலும் செயலியும் சப்டைட்டில் கோப்பும்தான் முடிவு செய்கின்றன. ஆனால் கீழ் வரி பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அது வேறு கோளாறு. டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகிறது. பிக்சர் மெனுவில் படத்தின் அளவு என்ற இடத்தில் Just Scan, Fit to screen என்பது போல ஏதாவது இருக்கும். அதை இயக்கினால் முழு வரியும் உள்ளே வந்துவிடும். பென்டிரைவில் உள்ள படத்துக்குத் தனி SRT சப்டைட்டில் கோப்பு இருந்தால், கணினியில் வி.எல்.சி. பிளேயரில் போட்டு அளவையும் உயரத்தையும் நம் இஷ்டத்துக்கு வைக்கலாம். அந்தக் கணினியை எச்.டி.எம்.ஐ. கேபிளில் டிவியோடு இணைத்தால் போதும்.

மாற்றவே முடியாத ஒரு வகையும் உண்டு. சப்டைட்டிலை நிறுத்திய பிறகும் எழுத்து திரையில் அப்படியே நின்றால், அது படத்தோடு சேர்த்துப் பதிக்கப்பட்டது. எந்த மெனுவிலும் அதைத் தொட முடியாது. அப்பாவின் மாலை நேர சீரியல்களுக்கு எங்கள் டிடிஎச் இணைப்பில் சப்டைட்டிலே இல்லை. அதே சீரியல் ஓடிடியில் வரும்போது சப்டைட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மறுநாள் அங்கே போட்டுக் கொடுக்கிறேன். இல்லாதவற்றுக்கு இன்றுவரை அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறார். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

இன்னொன்று. மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு சில சமயம் Custom அமைப்பு போய், வெள்ளை எழுத்தும் சின்ன அளவும் திரும்பிவிடுகின்றன. அப்பா அதைச் சொல்லமாட்டார், கண் வலிக்கிறது என்று சீக்கிரம் எழுந்துபோவார். அதனால் மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணன் வீட்டில் அவர் தங்கியபோது அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அங்கேயும் அதே மாதிரி வைத்துக் கொடுத்துவிட்டான்.