தக்காளிக்குத் தண்ணீர் விட ஆவியாதல் தொட்டி: சில வருடங்கள் பயன்படுத்திய அனுபவம்

ஒட்டன்சத்திரம் பக்கம் செம்மண் நிலத்தில் சொட்டுநீர் போட்டுத் தக்காளி வைக்கிறேன். மோட்டாரை எத்தனை நேரம் ஓட்டுவது என்பதை இப்போது தொட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.

தொட்டி பெரிய விஷயமில்லை. வானிலை நிலையங்களில் இருக்கும் ‘கிளாஸ் ஏ’ தொட்டியின் அளவிலேயே பட்டறையில் தகரத்தில் அடித்து வாங்கியது. விட்டம் 120.7 செ.மீ, உயரம் 25 செ.மீ. தரையில் வைக்காமல் 15 செ.மீ உயர மரச்சட்டத்தின் மேல் வைத்திருக்கிறேன். உள்ளே சிறு குழாயில் ஒரு கூர்முனைக் கம்பி. தினமும் காலை ஒரே நேரத்தில், தண்ணீர் அந்த முனையைத் தொடும்வரை அளந்து ஊற்ற வேண்டும். இந்த அகலத்துக்கு 1.14 லிட்டர் ஊற்றினால் 1 மி.மீ. எட்டு லிட்டர் பிடித்தால் முந்தைய நாள் ஆவியானது 7 மி.மீ.

அந்த 7 மி.மீ-ஐ அப்படியே செடிக்குக் கொடுக்கக் கூடாது. தகரம் பக்கவாட்டிலும் சூடு வாங்கும். பகலில் வாங்கிய சூட்டில் ராத்திரியும் ஆவியாகும். செடி அப்படியில்லை, இருட்டினால் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். அதனால் தொட்டிக் குணகம் என்று ஒன்றால் பெருக்க வேண்டும், பொதுவாக 0.7. அப்புறம் பயிர்க் குணகம்: தக்காளிக்கு நட்ட புதிதில் 0.6, பூத்துக் காய்க்கும்போது 1.15, கடைசிப் பறிப்பில் 0.8 வாக்கில்.

காய்ப்பில் இருக்கும் என் வயலின் கணக்கைச் சொல்கிறேன். 7 × 0.7 × 1.15 என்றால் சுமார் 5.6 மி.மீ. லேட்டரல் இடைவெளி 1.2 மீட்டர், டிரிப்பர் இடைவெளி 40 செ.மீ, ஒரு டிரிப்பருக்கு 0.48 சதுர மீட்டர். பெருக்கினால் 2.7 லிட்டர். வழியில் வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 3 லிட்டர். மணிக்கு 2 லிட்டர் விடும் டிரிப்பர், ஆக ஒன்றரை மணி நேரம். அதே வெயிலில் நட்ட புதிதில் முக்கால் மணி நேரம்தான் வருகிறது. மல்ச்சிங் ஷீட் போட்டிருந்தால் இன்னும் குறைக்கலாம்.

இந்தக் கணக்கு ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு, டிரிப்பர். எங்கள் போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி, அடைத்துக்கொள்ளும். வரிசையின் தலைப்பிலும் கடைசியிலும் சில டிரிப்பர்களின் அடியில் டப்பா வைத்து அளந்து பார்ப்பேன். 2 லிட்டர் வர வேண்டிய இடத்தில் 1.6 வந்தால், அதே 3 லிட்டருக்கு இரண்டு மணி நேரத்தைத் தொட்டுவிடும். இதைப் பார்க்காமல் தொட்டியை மட்டும் துல்லியமாக அளந்து பயனில்லை.

இன்னொன்று ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் தொட்டி ஒரே நாளில் 10 மி.மீ காட்டும். பார்த்தால் பதறும். ஆனால் காற்று தொட்டியை உலர்த்தும் அளவுக்குச் செடியை உலர்த்துவதில்லை. காற்று பலமாக இருக்கும் நாட்களில் குணகத்தை 0.6 ஆக்கிக்கொள்கிறேன். 0.7-லேயே விட்டால் காய்ப்புப் பயிருக்குத் தினமும் ஒரு மி.மீ-க்கு மேல் கூடிவிடும். ஏக்கருக்கு 1 மி.மீ என்றாலே 4,000 லிட்டர். தொட்டியைச் சுற்றியும் பத்து மீட்டருக்காவது புல்லோ பயிரோ இருக்க வேண்டும். உழுது போட்ட காய்ந்த நிலத்துக்கு நடுவே வைத்தால் அளவு ஏறித்தான் காட்டும்.

மழை நாளுக்குப் பக்கத்தில் ஒரு மழைமானி கட்டாயம். 12 மி.மீ மழை பெய்து தொட்டியில் 8 மி.மீ-தான் ஏறியிருந்தால், ஆவியானது 4. கொட்டித் தீர்த்து நிரம்பி வழிந்த நாளின் அளவை நம்பாதீர்கள், விட்டுவிடுங்கள். காக்காய், நாய் தண்ணீர் குடிப்பதும் உண்டு. பக்கத்தில் அவற்றுக்கு ஒரு சட்டி வைத்தேன், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வலை போட்டால் அளவே கொஞ்சம் குறைந்து காட்டும்.

தொட்டிக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் வாரம் ஒரு முறை டிரிப்பர் அருகே ஒரு சாண் தோண்டி மண்ணைப் பிடித்துப் பார்க்கிறேன். பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் குணகத்தைக் குறைப்பேன். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் கூட்டுவேன்.

வாய்க்கால் பாசனக்காரர்கள் தினக் கணக்குப் போட வேண்டியதில்லை. தொட்டி அளவை மழை போகக் கூட்டிக்கொண்டே வரலாம். ஒரு தண்ணிக்கு 50 மி.மீ கட்டுபவர், கூட்டுத்தொகை 50-ஐத் தொட்டதும் அடுத்த தண்ணி கட்டலாம். தினம் 7 மி.மீ போகும் கோடையில் அது ஏழாம் நாள் அல்லது எட்டாம் நாள், 4 மி.மீ போகும் மார்கழியில் பன்னிரண்டு நாள் தாண்டும். மணல் கலந்த நிலம் 50 மி.மீ-ஐ வேர் மட்டத்தில் பிடித்து வைக்காது. அங்கே 30 மி.மீ ஆனதும் 30 கட்டுவதுதான் சரி.