சந்தைக் கூடத்தில் ஏழு வருடம்: தரை வாட்டம் சரியில்லை என்றால்

எங்கள் ஊர் நகராட்சி கட்டிய காய்கனிக் கூடத்தில் ஏழு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். நான்கு வரிசை, நடுவில் நடைபாதை, மேலே உயரமான தகரக் கூரை. இதே மாதிரி கூடத்தில் கடை எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். வாடகை, வியாபாரம் பற்றியெல்லாம் ஆளாளுக்குச் சொல்வார்கள். நான் சொல்ல வருவது தண்ணீர் பற்றி.

முதல் மாதம் தரை பளபளவென்று இருந்தது. இரண்டாவது மாதம் பக்கத்துக் கீரைக்கார அக்கா, "தம்பி, கழுவி விட்ட தண்ணி எங்க போகுதுன்னு பாத்தியா? உன் மூட்டைக்குக் கீழதான் போகுது" என்றார். சின்ன வெங்காய மூட்டையைத் தூக்கினேன். அடிச் சாக்கு ஈரமாகி, உள்ளே ஒரு பிடி வெங்காயம் அழுகிக் குழைந்திருந்தது.

தெரிந்த கொத்தனாரைக் கூட்டி வந்தேன். டியூப் லெவல் வைத்துப் பார்த்துவிட்டு, கடைத் தரைக்குத் தண்ணீர் வடிய வாட்டமே இல்லை என்றார். கழுவும் தரைக்குப் பத்து அடிக்கு இரண்டு அங்குலமாவது இறக்கம் வேண்டும். எங்கள் கடையில் அரை அங்குலம்கூட இல்லை, நடுவில் ஒரு பள்ளம் வேறு. சந்தைக் கூடச் செயலரிடம் சொல்லி அனுமதி வாங்கி, சொந்தச் செலவில் மேலே ஒரு பூச்சு போட்டு வாட்டம் கொடுத்தோம். வழவழப்பான ஓடு வேண்டாம் என்று சிமெண்டைச் சொரசொரப்பாகவே விட்டோம். ஈரத் தரையில் ஐம்பது கிலோ மூட்டையோடு வருகிற ஆள் வழுக்கி விழுந்ததை ஒரு தடவை பார்த்தவர்கள் ஓடு கேட்க மாட்டார்கள்.

கடை சரியானது. ஆனால் நடைபாதை நடுவே ஓடும் வடிகால் சரியாகவில்லை. அதற்கு இரண்டு குறை. ஒன்று, அடி தட்டையாக இருந்தது. கொஞ்சம் தண்ணீர் வந்தாலும் அகலமாகப் பரவி மெல்லமாக ஊர்ந்து போகும். மண்ணும் வெங்காயத் தோலும் அங்கேயே தங்கிவிடும். அடி குழிவாக இருந்தால் அதே தண்ணீர் ஒடுங்கி வேகமாக ஓடி, எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது, மேலே மூடியிருந்த கான்கிரீட் சிலாப். ஒரு சிலாப்பைத் தூக்க இரண்டு ஆளும் ஒரு கடப்பாரையும் வேண்டும். அப்புறம் யார் தினமும் தூக்கிச் சுத்தம் செய்வார்கள்? ஆறு மாதத்தில் அடைத்தது. அடைக்கும் முன்பே ஒரு அறிகுறி தெரிந்தது. காலையில் கழுவிய தண்ணீர் மதியமும் வடிகாலில் நின்றது, சாயங்காலம் கொசு வந்தது.

மூன்றாம் வருடம் வரிசைக்காரர்கள் சேர்ந்து சில்லறை போட்டு, அடியைக் குழிவாகப் பூசினோம். சிலாப்புக்குப் பதில் ஒரே ஆள் கையால் தூக்கக்கூடிய இரும்புக் கம்பி மூடிகளை இரண்டு அடித் துண்டுகளாகப் போட்டோம். ஒவ்வொரு கடையிலிருந்தும் வடிகாலில் விழும் வாயில் ஒரு சல்லடைக் கூடை. மல்லித்தழை வேரும் வாழை நாரும் அதில் நின்றுவிடும். கடை மூடும்போது கூடையைக் குப்பைத் தொட்டியில் கொட்ட வேண்டும், அவ்வளவுதான். கொட்டாத கடைக்கு முன்னால் தண்ணீர் தேங்கும், அது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

காற்று விஷயத்தில் கட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கூரை உச்சியில் உயர்த்திக் கட்டிய திறப்பு வழியே சூடு மேலேறி வெளியே போகும், பக்கச் சுவரில் தாழ்வாக இருக்கும் ஓட்டை ஓட்டையான ஜாலி வழியே காற்று உள்ளே வரும். கெடுத்தது நாங்கள்தான். மழைச் சாரலுக்குப் பயந்து ஜாலியைத் தார்ப்பாய் போட்டு மூடினோம், கடைகளுக்கு நடுவே ஏழடிக்குத் தகடு அடித்தோம். கீழே காற்று வரும் வழி அடைபட்டால் மேலே இருக்கும் திறப்பு என்ன செய்யும்? ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தால் புகை கடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்கும். பழுத்த வாழைத்தார் தொங்கும் கடையை அடுத்து இருந்த கீரைகள் சீக்கிரம் மஞ்சளானதும் அப்போதுதான். பழம் விடும் வாயு தேங்கினால் கீரையின் பச்சை போய்விடும். தகட்டின் மேல்பாதியைக் கழற்றி வலை அடித்தோம், தார்ப்பாயைச் சுருட்டி ஏற்றும்படி கயிறு கட்டினோம், சாரல் அடித்தால் மட்டும் இறக்குகிறோம்.

சரக்கு இறக்கும் மேடை மட்டும் இன்னும் தொல்லைதான். லாரித் தட்டுக்கு ஏற்ற உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும் லாரிக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் இப்போது பாதி சரக்கு குட்டியானையில்தான் வருகிறது, அதன் தட்டு மேடையைவிடத் தாழ்வு. தக்காளிக் கிரேட்டைக் கீழிருந்து மேலே தூக்க வேண்டியிருக்கிறது. மேடையின் ஒரு ஓரத்தில் சரிவு அமைத்தால் தள்ளுவண்டி நேராக ஏறிவிடும். கேட்டிருக்கிறோம். அதுவரை லோடுமேன்கள் கிரேட்டுக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்கிறார்கள், கொடுக்கிறோம்.

கடை பார்க்கப் போனால் ஒரு வாளித் தண்ணீர் கொண்டு போய்ப் பின்பக்கத்திலிருந்து ஊற்றிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே மூட்டை அடுக்க முடியாது. அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை கேட்பார்கள்.