இரவல் வாங்கி விற்ற நாலு வருடங்கள்

ரொறொன்ரோவில் திறந்த தரகுக் கணக்கை, கொக்குவிலுக்குத் திரும்பிய பிறகும் வைத்திருக்கிறேன். அமெரிக்கச் சந்தை கோடையில் எங்களுக்கு இரவு 7 மணிக்குத் திறக்கும். தகுதிக்கு மிஞ்சி விலை ஏறிய பங்குகளை ஷோர்ட் செய்வதுதான் என் வேலை. தரகரிடம் பங்கை இரவல் வாங்கி விற்பேன், விலை விழுந்ததும் வாங்கித் திருப்பிக் கொடுப்பேன்.

2022 ஆகஸ்டில், 20,000 டொலர் கணக்கில் ஒரு பங்கை 40 டொலருக்கு 100 விற்றேன். விலை 52 ஆனால் தானாக வாங்கி வெளியேற ஸ்டொப் ஓடரும் போட்டேன். நட்டம் 1,200ஐத் தாண்டாது என்று நினைப்பு.

மூன்று கிழமைக்குள் இரவல் கட்டணம் வருடத்துக்கு 8 வீதத்திலிருந்து 90க்குப் போனது. விலை 44இல் நின்றபோது நாளுக்கு 11 டொலர். இரவலுக்குக் கிடைக்கும் பங்குகள் லட்சக்கணக்கிலிருந்து இரண்டாயிரமாகச் சுருங்கியதும் திரையில் தெரிந்தது. மற்றவர்களும் இதே பக்கம் நெருக்கி நிற்கிறார்கள் என்பதற்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்? நான் வட்டியை மட்டும் பார்த்துப் புறுபுறுத்தேன்.

ஒரு நாள் 44இல் மூடிய பங்கு அடுத்த நாள் 71இல் திறந்தது. நான் நல்லூர்த் திருவிழாக் கூட்டத்துக்குள் நின்றேன். இடையில் 52 என்ற விலையே வரவில்லை, ஸ்டொப் 72இல்தான் வாங்கியது. நட்டம் 3,200, கணக்கில் 16 வீதம். பிறகு அந்தப் பங்கு 15க்கு வந்தது. என் கணிப்பு சரிதான், ஆனால் அப்போது அதில் எனக்கு ஷோர்ட் எதுவும் இல்லை.

வாங்கிய பங்கு விழுந்தால் கணக்கில் அதன் பாரம் குறையும். ஷோர்ட் எதிராக ஏறினால் பாரம் கூடும், இரவல் கட்டணமும் அந்த விலைக்கே போடப்படும். அதோடு, இரவல் நகைக்காரி கலியாணத்துக்கு முதல் நாள் சங்கிலியைத் திருப்பிக் கேட்பது போல, பங்குக்காரர் எப்போதும் கேட்கலாம். வேறு இரவல் கிடைக்காவிட்டால் தரகர் அன்றைய விலைக்கு வாங்கிக் கொடுத்துவிடுவார்.

இப்போது ஸ்டொப்பை நம்பி அளவு போடுவதில்லை. 2021 ஜனவரி 27இல் கேம்ஸ்டாப் என்ற அமெரிக்கக் கடை நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் 148 டொலரிலிருந்து 347க்குப் போனது. ஆகவே ஓரிரவில் நாலு மடங்காகும் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படி ஆனாலும் நட்டம் கணக்கில் 6 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றால், ஒரு பங்கில் கணக்கின் 2 வீதம், அதாவது 400 டொலர்தான் போடலாம். எல்லா ஷோர்ட்டும் சேர்ந்து 10 வீதத்துக்குள். கேம்ஸ்டாப் ஏறிய அதே நாட்களில் ஏஎம்சி என்ற திரையரங்கு நிறுவனத்தின் பங்கும் சேர்ந்தே ஏறியது, இப்படியான ஏற்றங்கள் தனித்தனியாக வருவதில்லை. கட்டணம் 25 வீதத்தைத் தாண்டினால் உள்ளே போவதில்லை, இருந்தால் பாதியைக் குறைப்பேன்.

குறை என்னவென்றால், லாபமும் சிறிது. 30க்கு விற்ற 13 பங்கு 11க்கு வந்தபோது கையில் நின்றது 247 டொலர், அதிலும் கட்டணம் போக வேண்டும். “இதுக்கா மச்சான் இரவிரவா முழிக்கிறாய்?” என்று கேட்ட நண்பனுக்கு இன்னும் சரியான பதில் சொல்லவில்லை.