22,000 ரூபாய் போச்சு: கிரீன் மேட்டில் கல்யாண வீடியோ எடுக்கப் போகிறவர்கள் படிக்கவும்

நேற்று ராத்திரிதான் வீடியோ கைக்கு வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குறைந்த லீவில் வந்தவர், வந்ததில் இருந்து விடாத மழை. காசிமேட்டுக் கடற்கரையில் விடியற்காலையில் எடுப்பதாக இருந்த வீடியோ அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் நம்ம வடசென்னையிலேயே மாடியில் நடக்கும் ஒரு சின்ன வீடியோ ஸ்டூடியோவில், "எதுக்குண்ணா கவலை? உள்ளேயே எடுத்து, பின்னாடி சூரியன் உதிக்கிற கடலைப் போட்டுடலாம்" என்றார்கள்.

சாம்பிள் ஒன்று காட்டினார்கள். பச்சைத் துணி முன்னால் ஒரு ஜோடி. லேப்டாப்பில் ஒரு தட்டு, பச்சை மறைந்து மலையும் மேகமும் வந்துவிட்டன. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அங்கேயே 22,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தோம், மொத்தமும் முன்பணமாக. அந்தச் சாம்பிள் ஏன் நன்றாக இருந்தது என்று இப்போது தெரிகிறது. மேகமூட்டத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி மென்மையாக விழும். ஸ்டூடியோவின் சாஃப்ட் லைட்டும் அப்படித்தான் விழும். இரண்டும் தானாகவே ஒத்துப்போய்விட்டன.

எங்கள் வீடியோவில் இருவர் முதுகுக்குப் பின்னால் சூரியன். ஆனால் முகம் இரண்டும் பளிச்சென்று இருக்கின்றன! வெட்டி ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி நிற்கிறார்கள். வடபழனியில் எடிட்டிங் வேலை செய்யும் மாமா பையனிடம் காட்டினேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்து விளக்கினான்.

பச்சையை எடுப்பது பாதி வேலைதானாம். தோலின் நிறத்தில் இருந்து பச்சை நன்றாகத் தள்ளி நிற்கிறது. கேமரா சென்சாரிலும் பச்சையைப் பிடிக்கும் புள்ளிகள் சிவப்பையோ நீலத்தையோ போல இரண்டு மடங்கு. அதனால் சாஃப்ட்வேர் சுலபமாகப் பிரித்துவிடும்: ஆள் இருக்கும் இடம் வெள்ளை, துணி இருக்கும் இடம் கறுப்பு, முடி ஓரம் சாம்பல் என்று ஒரு மறைப்புப் படம் போடும். கறுப்பு இடத்தில் கடல் தெரியும். இது எங்கள் வீடியோவில் ஒழுங்காகவே இருக்கிறது.

கெட்டது வெளிச்சத்தில். சூரியன் பின்னால் தாழ்வாக இருந்தால் முகம் வானத்தைவிட மங்கலாக இருக்க வேண்டும். தலைமுடியிலும் தோளிலும் தங்கக் கோடு மாதிரி வெளிச்சம் விளிம்பு கட்ட வேண்டும். நிழல் கேமராவை நோக்கி மணலில் நீள வேண்டும். இவர்கள் முன்னால் இரண்டு பக்கமும் வெள்ளை லைட்டை வைத்து எடுத்துவிட்டார்கள். விளிம்பு வெளிச்சம் இல்லை, காலடியில் நிழலும் இல்லை. ஆள் மணலைத் தொடவே இல்லை, மிதக்கிறார்கள்.

ஜிமிக்கியைப் பெரிதாக்கிப் பார்த்தோம். துணியை ஒட்டியே நிற்க வைத்ததால் பச்சை தங்கத்தில் பிரதிபலித்திருக்கிறது. அதைப் போக்க எடிட்டில் பச்சையைக் குறைத்திருக்கிறார்கள். தங்கத்தின் மஞ்சள் சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. பச்சை போனதும் செம்பு நிறமாகிவிட்டது. எங்க அம்மா போட்ட நகை, கவரிங் போலத் தெரிகிறது.

இன்று காலை ஸ்டூடியோவுக்கு போன் செய்தேன். "கலர் கரெக்ஷன் பண்ணிடலாம்ணா, டென்ஷன் ஆவாதீங்க." மதியம், "எடிட்டர் ஊருக்குப் போயிருக்காரு." சாயங்காலம், "எல்லாருக்கும் இப்படித்தான் குடுக்குறோம், யாரும் கேட்டதில்ல." எடிட்டில் முகத்தைக் கொஞ்சம் மங்கலாக்கலாம், நிறத்தைச் சூடாக்கலாம், காலடியில் நிழல் வரையலாம். ஆனால் மூக்கின் நிழல் விழுந்த பக்கத்தையும் விழாத விளிம்பு வெளிச்சத்தையும் கலர் கரெக்ஷனால் மாற்ற முடியாது. அது ஷூட்டிங் அன்றே லைட் வைத்தபோது முடிந்துபோன விஷயம். திரும்ப எடுத்துக் கொடுங்கள் என்றால், இன்னொரு 22,000 கேட்கிறார்கள்!

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மண்டப வேலை அழைக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். பின்னணிப் படத்தை ஷூட்டிங்குக்கு முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள், அதில் சூரியன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் லைட் இருக்கிறதா என்று நின்று பாருங்கள். துணியில் இருந்து ஆறேழு அடியாவது தள்ளி நிற்க வையுங்கள். துணிக்கு லைட் தனி, ஆளுக்குத் தனி. பச்சைப் பட்டு வேண்டாம், ஓட்டை விழும். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். ஒரு ஷாட்டைப் பின்னணியோடு அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகு மிச்சத்தைக் கொடுங்கள்.