ஏசி பழுது பார்ப்பதா, தேனீ வளர்ப்பதா? மார்த்தாண்டத்தில் இரண்டு பேர் கண்ட கணக்கு

வளைகுடாவிலிருந்து நிரந்தரமாக ஊருக்கு வந்த முதல் மாதத்தில், குமரி மேற்கில் எல்லாருக்கும் கிடைக்கும் யோசனைகள் மூன்றுதான். அரபு மந்தி சோற்றுக் கடை போடு, ரப்பர் தோட்டம் வாங்கு, கடைமுறி கட்டி வாடகைக்கு விடு. மூன்றுக்கும் பணம் மட்டும் போதும். அங்கே கற்ற எதுவும் தேவையில்லை. ரோட்டோரம் எத்தனை கடைமுறிகள் ஷட்டர் திறக்காமலே கிடக்கின்றன என்று பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணினாலே மூன்றாவது யோசனையின் கதி தெரிந்துவிடும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு பேர் இரண்டு வழியில் போனோம். நான் ஷார்ஜாவில் 11 வருஷம் ஏசி டெக்னீஷியன். 14 லட்சத்தோடு வந்து ஏசி சர்வீஸ் ஆரம்பித்தேன். அக்காவின் கணவர், என் அத்தான், தம்மாமில் உணவுப்பொருள் குடோனில் 16 வருஷம் ஸ்டோர் கீப்பர். 18 லட்சத்தோடு வந்தார், தேனீப் பெட்டி வைத்தார். தொழில் தெரிந்தவன் பிழைப்பான், தெரியாதவர் கஷ்டப்படுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏசி தொழிலில் இறங்க அதிகம் வேண்டாம். வேக்யூம் பம்ப், கேஜ், நைட்ரஜன் சிலிண்டர், கேஸ் நிறுக்கத் தராசு, கழுவும் பம்ப், ஏணி என்று 1.6 லட்சம். பழைய ஆம்னி வேன் ஒன்று 1.4 லட்சம். ஷெட் அட்வான்ஸும் சேர்த்து 3.5 லட்சத்துக்குள் முடிந்தது. ஆனால் ஷார்ஜாவில் நான் பார்த்தது டக்ட் வைத்த பெரிய யூனிட்கள். இங்கே வீட்டுக்கு வீடு ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி. இடி மழைக்கும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கும் முதலில் போவது அதன் சர்க்யூட் போர்டு. அதைப் பார்க்க எனக்குக் கற்றுத்தந்தவன், கடல் தாண்டாத 23 வயசுப் பையன்.

அங்கிருந்து கொண்டுவந்ததில் உதவியது ஒன்றுதான், அவசரப்படாமல் வேலை செய்யும் பழக்கம். தேங்காய்பட்டணத்தில் கடலைப் பார்த்த வீடு ஒன்று. ஒரே வருஷத்தில் மூன்று பேர் வந்து மூன்று முறை கேஸ் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் மிச்சக் கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜன் ஏற்றிப் பூட்டினேன். அரை மணியில் கேஜ் முள் இறங்கியது. வெளி யூனிட்டில் சோப்பு நுரை தடவினால், காயில் என்ற குழாய்ச் சுருள் வளையும் இடத்தில் ஊசிமுனைக் கொப்புளம். உப்புக்காற்று தின்ற ஓட்டை. காயில் மாற்றி, அரை மணி நேரம் வேக்யூம் போட்டு, யூனிட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் அளவுக்கே கேஸை எடை போட்டு ஏற்றினேன். அந்த அரை மணி நேரமும் வீட்டுக்காரர், “மத்தவங்க பத்து நிமிஷத்துல முடிச்சாங்களே” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த கோடையில் அதே தெருவில் ஆறு வீட்டு வேலை வந்தது.

இந்தத் தொழிலில் போட்ட பணம் முடங்குவது கருவியில் இல்லை, கடனில். ஒரு லாட்ஜுக்கு 18 ஏசி மாட்டினேன். செம்புக் குழாய் என் காசு. 2.7 லட்ச ரூபாய் பில் கைக்கு வர 14 மாதம் ஆனது. அதற்குப் பிறகு குழாயைக் கட்டடக்காரரே வாங்கித் தர வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பாதிப் பேர் போய்விட்டார்கள். போகட்டும்.

அத்தான் கதை வேறு. ஜனவரியில், தேன் காலம் தொடங்கும் நேரத்தில், விலை உச்சத்தில் இருக்கும்போது பெட்டிக்கு 2,200 கொடுத்து 100 பெட்டி வாங்கினார். இங்கே தேன் பெரும்பாலும் ரப்பரிலிருந்து வருகிறது. பூவிலிருந்து இல்லை. ரப்பர் இலையுதிர்த்துத் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் இருக்கும் சுரப்பிகளில் தேன் ஊறும். அந்தத் தளிரின் மேல் பனியோ தூறலோ விழுந்து வெள்ளைப் பூஞ்சை பிடித்தால் தளிர் உதிர்ந்துவிடும். அந்த வருஷத் தேனும் அதோடு போச்சு. அதைக் காட்டித்தர எந்த அனுபவசாலியும் வேண்டாம். காலையில் தோட்டத்துத் தரையில் சுருண்ட தளிர் கிடக்கும்.

முதல் வருஷம் பெட்டிக்கு எட்டு கிலோ வீதம் கிடைத்தது. மொத்தம் 800 கிலோ, டின்னாக வியாபாரிக்கு கிலோ 170. கையில் 1.36 லட்சம். மனுஷன் சந்தோஷமாகிப் பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டார். ஜூனில் மழை பிடித்தது. அந்த நாலு மாதமும் பூச்சிக்கு வெளியே தீனி இல்லை, சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும். பெட்டிக்கு நாலு கிலோ சர்க்கரை ஆகும், நூறு பெட்டிக்குச் செலவு 17,000 ரூபாய்கூட வராது. அது அவருக்குத் தெரியாது. செப்டம்பரில் திறந்து பார்த்தால் 37 பெட்டி காலி. பட்டினியில் கூட்டம் பறந்துவிட்டது, மிஞ்சிய அடையில் மெழுகுப்புழு.

சாக் புரூட் நோய் வந்ததோ என்று பயந்தார். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியத் தேனீக்களை வாரிக்கொண்டு போன அந்த வைரஸை இங்குள்ள பழைய ஆட்கள் யாரும் மறக்கவில்லை. அதுவாக இருந்தால் புழு அறைக்குள்ளேயே தலை தூக்கிச் செத்துக் கிடக்கும், கிள்ளி எடுத்தால் நீர்ப்பை மாதிரி தொங்கும். இங்கே புழுவே இல்லை, வெறும் அறைதான்.

அவரைக் காப்பாற்றியது தம்மாம் குடோன். இரண்டாம் வருஷம் ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் போட்டு ஸ்டாக் ரெஜிஸ்டர் ஆரம்பித்தார். ராணி எந்த மாதத்தது, பாகு எப்போது வைத்தது, எத்தனை அடையில் முட்டை என்று எல்லாம் அதில் இருக்கும். நாங்கள் சிரித்தோம். அந்த நோட்டைப் புரட்டித்தான், பலவீனமான பெட்டிகள் பெரும்பாலும் பழைய ராணி உள்ளவை என்று கண்டுபிடித்து, மழைக்கு முன்பே இரண்டிரண்டைச் சேர்த்தார். செப்டம்பரில் நாலே கூட்டம்தான் போயிருந்தது. தேன் எடுத்த தேதியும் பெட்டி நம்பரும் பாட்டிலில் ஒட்டி, வீட்டில் வந்து வாங்குபவர்களுக்குக் கிலோ 400-க்கு விற்கிறார். ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்துவிடும். “சர்க்கரை கலந்திருக்கு” என்று திருப்பிக் கொண்டுவருபவர்களுக்கு வெயிலில் வைத்து இளக்கிக் காட்டுவது அக்காவின் வேலை.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்று கைவிட்டால் ஒன்று காக்கும் என்று பலர் சொல்கிறார்கள். இந்த மண்ணில் அது நடக்காது. எனக்குப் பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை போன் ஓயாது. அவருக்கும் பிப்ரவரி, மார்ச்சில்தான் வாராவாரம் தேன் எடுக்க ஆள் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு வீட்டிலும் அடுப்பு சேமிப்பில்தான் எரிகிறது.

கடன் விஷயத்தில் நான் செய்த தப்பை யாரும் செய்யாதீர்கள். பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு காட்டலாம், கிராமப்புறத்தில் பொதுப்பிரிவுக்கு 25 சதவீதமும் ஓபிசி, சிறுபான்மையினர், பெண்கள் போன்ற சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதமும் மானியம். ஆனால் புதுத் தொழிலுக்கு மட்டும். நான் போர்டு மாட்டி மூன்று மாதம் கழித்து வங்கிக்குப் போனேன். கடை ஏற்கெனவே நடக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விண்ணப்பம் முதலில், போர்டு பிறகு. எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலைக்காரர்களுக்கு, வெளிநாட்டு மலையாளிகளுக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்காவில், திரும்பி வந்தவர்களுக்கென்றே 30 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 15 சதவீத மானியம், அதிகபட்சம் 3 லட்சம் உண்டு. அது கேரளத்துக்காரர்களுக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அதைக் கேட்டுப் போய் வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்.

என் தீர்ப்பைக் கேட்டால், கையில் தொழில் இருப்பவன் ஏசியைத் தொடலாம், ஆனால் 4 லட்சத்துக்கு மேல் போடக்கூடாது. மிச்சத்தை மழைக்காலத்துக்கும் வராத பில்லுக்கும் ஒதுக்கி வைக்க வேண்டும். தேனுக்குத் தொழில் தெரிய வேண்டாம், பொறுமையும் நோட்டும் போதும், ஆனால் 100 பெட்டியில் தொடங்கக்கூடாது. பத்துப் பெட்டி வாங்கி ஒரு முழு மழைக்காலம் தாண்டிப் பார்க்க வேண்டும். செப்டம்பரில் பத்தில் எட்டுக் கூட்டமாவது நின்றால், அக்டோபரில் அவற்றையே பிரித்துப் பெருக்கலாம், ஜனவரி விலை கொடுக்க வேண்டாம்.

“ஆம்னி சும்மாதானே நிக்குது மக்கா” என்று போன வாரம் அத்தான் வந்தார். ஏணியை இறக்கிவைத்துவிட்டு, மார்த்தாண்டத்திலிருந்து எட்டு மூட்டை சர்க்கரை ஏற்றிக்கொடுத்தேன்.