படைப்பு அன்றைக்கே டோக்கன்: தேதியை மாற்றுவதா, நம்பரை மாற்றுவதா?

காரைக்குடிக்கு வரும் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ மாதத்தில் குறிப்பிட்ட கிழமைகளில் வந்து, ஒரே மூச்சில் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். தினமும் உட்காரும் டாக்டரிடம் தேதி மாற்றினால் நாளைக்குப் போகலாம். இவர்களிடம் மாற்றினால் அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதனால் எதை மாற்றச் சொல்லிக் கேட்கிறோம் என்பதைப் போன் பண்ணுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கண்டனூரில் ஒரு வீடு. அப்பச்சிக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் கொஞ்சம் பழுதாகியிருக்கிறது. டாக்டர் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் காலை பத்து மணிக்கு வருகிறார், ஐம்பது டோக்கன். கையில் இருப்பது ஒன்பதாம் நம்பர். அதே ஞாயிறு படைப்பு, பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் நாள். அந்தத் தேதி எல்லாப் பங்காளிகளும் கூடி வைத்தது, ஒரு வீட்டுக்காக நகராது. படைத்துச் சாப்பிட்டு எழ இரண்டு மணி ஆகிவிடும்.

முதல் வழி, அதே நாளில் கடைசிப் பக்கம் ஒரு நம்பர் கேட்பது. ஒரு ஆளுக்கு ஆறு நிமிடம் என்று வைத்தால் ஒன்பதாம் நம்பர் பதினொரு மணிக்குள் வந்துவிடும். ஐம்பதாம் நம்பர் மூன்றை ஒட்டி வரும். படைப்பு முடிந்து அரை மணியில் காரைக்குடி. பொருந்துகிறது. கிளினிக்குக்கும் இதில் லாபம்தான், முன்வரிசையில் ஒரு இடம் காலியாகிறது, அதற்கு ஆள் உடனே கிடைக்கும். கம்பவுண்டர் மறுக்கக் காரணம் இல்லாத ஒரே வேண்டுகோள் இதுதான்.

ஆனால் கடைசி நம்பருக்கு ஒரு ஆபத்து உண்டு. பத்துப் பேர் வராமல் போனால் வரிசை ஒரு மணி நேரம் முன்னால் நகர்ந்துவிடும். மூன்று மணி என்று நினைத்த நம்பரை இரண்டு மணிக்கே கூப்பிட்டுவிடுவார்கள், டாக்டர் காரில் ஏறிக்கொண்டிருப்பார். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். பன்னிரண்டு மணிக்கு ஒரு போன் போட்டு எந்த நம்பர் உள்ளே போயிருக்கிறது என்று கேளுங்கள். கணக்குப்படி இருபதாவது போக வேண்டும். பதினைந்து என்றால் நிம்மதியாகச் சாப்பிடலாம். முப்பது என்றால் அப்பச்சியை முதல் பந்தியில் உட்காரவைத்துக் கிளப்ப வேண்டியதுதான்.

இரண்டாவது வழி, அடுத்த விசிட்டுக்குத் தள்ளுவது. பெரும்பாலோர் முதலில் கேட்பது இதைத்தான், வரிசையை இழப்பதும் இதில்தான். எல்லாம் அடுத்த தேதிக்குப் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார்களா என்பதைப் பொறுத்தது. ஆரம்பித்து முப்பது பெயர் ஏறிவிட்டால், ஒன்பதாம் நம்பர்க்காரர் முப்பத்தொன்றாக நிற்பார். இன்னும் எழுதவில்லை என்றால் முன்வரிசை கிடைக்க வாய்ப்பு உண்டு. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பேச்சு இப்படிப் போகும்:

"அண்ணே, மூணாம் ஞாயிறு எங்க வீட்டுப் படைப்பு. ஒம்பதாம் நம்பரை அடுத்த விசிட்டுக்கு மாத்தித் தர முடியுமா?"

"அதுக்கு இன்னும் பேர் எழுதலை ஆச்சி. இதை எடுத்துடுறேன், நீங்க திங்கக்கிழமை கூப்பிடுங்க."

இதற்குச் சரி என்று சொன்னால் கையில் இருந்த நம்பரும் போயிற்று, புதியதும் இல்லை. திங்கட்கிழமை காலை லைன் கிடைக்காமல் அல்லாடும் கூட்டத்தில் நீங்களும் ஒருவர். பதில் இப்படி இருக்கட்டும்:

"டைரியில அந்தத் தேதிப் பக்கத்துல இப்பவே பேரை மட்டும் எழுதிருங்கண்ணே. முதல் பத்துக்குள்ள எதுவானாலும் சரி. எழுதிட்டு இதை எடுத்துக்கங்க."

அதே ஒன்பதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். முதல் பத்துக்குள் என்று கேட்டால் அவருக்குக் கை அசைக்க இடம் இருக்கும். பேசியவர் பெயரையும் அவர் சொன்ன நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதையே அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பிவிடுங்கள். அன்றைக்கு மேசையில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தால் காட்ட அது போதும்.

செயலி வழியாகப் பதிவு செய்யும் கிளினிக்குகளில் தேதி மாற்றும் பொத்தான் பழைய இடத்தை விடுவித்துவிட்டு, காலியாக இருப்பதில் ஒன்றைத்தான் தரும். முன்வரிசைக்காகக் கெஞ்சிக் கேட்க அதில் ஆள் கிடையாது. போனே மேல்.

மூன்றாவது வழி, டாக்டர் வழக்கமாக உட்காரும் மதுரை கிளினிக்குக்கே வார நாளில் போவது. தேதி உடனே கிடைக்கும். ஆனால் பஸ்ஸில் போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வயதானவருக்கு ஒரு நாள் முழுக்க அலைச்சல். காரைக்குடி ஃபைல் அங்கே இருக்காது, பழைய சீட்டுகளையும் ரிப்போர்ட்டுகளையும் நாம்தான் சுமக்க வேண்டும். புது நோயாளியாகப் பதிந்து புதிதாக ஃபீஸ் வாங்கவும் கூடும், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சாதாரண ரிவ்யூவுக்கு இந்தப் பாடு தேவையில்லை என்பது என் எண்ணம்.

அப்பச்சியை விட்டுவிட்டு ரிப்போர்ட்டை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பும் வழக்கமும் நம் பக்கம் உண்டு. சிறுநீரக விஷயத்தில் இது அரை வைத்தியம். பிரஷர் பார்க்கவும் காலை அழுத்தி நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். ஒரே நோய்க்காக அதே டாக்டரை நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் என்றால் வீடியோவில் ரிவ்யூ செய்ய 2020-இல் வந்த தொலைமருத்துவ நெறிமுறை இடம் தருகிறது. டாக்டருக்குச் சம்மதமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இந்த வழிகளில் எது என்பதை முடிவு செய்வது படைப்பும் இல்லை, டோக்கனும் இல்லை, போன தடவை எழுதிய சீட்டு. டெல்மிசார்ட்டான் மாதிரியான பிரஷர் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கியிருந்தாலோ அளவைக் கூட்டியிருந்தாலோ, இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்ப்பது வழக்கம். அந்த மாத்திரையால் பொட்டாசியம் ஏறலாம், வெளியே ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட ரிவ்யூவை இன்னும் இரண்டு மூன்று வாரம் தள்ளுவது சரியில்லை. அதே நாள் கடைசி நம்பர், அது கிடைக்காவிட்டால் மதுரை. ரிப்போர்ட்டில் பொட்டாசியம் கூடி வந்திருந்தால் எந்த டோக்கனுக்கும் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே கிளினிக்குக்குப் போன் செய்து அளவைச் சொல்லி, டாக்டர் காதுக்குப் போகச் செய்ய வேண்டும். பதில் வராவிட்டால் நேரே ஆஸ்பத்திரி.

மாத்திரை மாறவில்லை, போன இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே மாதிரி, காலில் வீக்கம் இல்லை என்றால் அடுத்த விசிட்டுக்குத் தாராளமாகத் தள்ளலாம். தள்ளும்போது இரண்டு காரியம் கூடவே நகர வேண்டும். ரத்தப் பரிசோதனையைப் பழைய தேதிக்கு எடுத்துவிடாமல் புதுத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் எடுங்கள், இல்லாவிட்டால் பழைய ரிப்போர்ட் என்று மறுபடி எழுதித் தருவார்கள். மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். சீட்டு பழைய தேதிக் கணக்குக்குத்தான் எழுதப்பட்டிருக்கும், இரண்டு மூன்று வாரத்துக்குக் குறையும். தேதி மாற்றப் பேசும் அதே போனிலேயே, "மாத்திரை அதுவரைக்கும் இதையே வாங்கிக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்று சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.