கடைசி ஸ்லைடில் விடையா, நன்றியா?

போன் பேட்டரி ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று சமூக ஊடகப் பதிவில் 7 ஸ்லைடுகள் போடுகிறீர்கள். சிலர் நேரே ஏழாவதுக்குத் தாவி, பிறகுதான் பின்னோக்கித் தள்ளுவார்கள்.

தாவி வந்தவருக்கு
நன்றி: ஒன்றும் கிடைக்காது, கிளம்பிவிடுவார்.
விடை: "திரை வெளிச்சமே முதல் காரணம்" என்று படித்ததும் "எப்படி?" என்று ஆறாவதுக்குத் திரும்புவார். அதனால் வலுவான சான்று, அதாவது பேட்டரி பயன்பாட்டுப் பட்டியலின் படம், ஆறில் இருக்கட்டும். "முன்பு சொன்னதுபோல" என்ற தொடர் எங்கும் வேண்டாம்; அவர் முன்னதைப் பார்த்ததே இல்லை.

உழைப்பு
நன்றி: ஒருமுறை செய்தால் போதும்.
விடை: ஒவ்வொரு ஸ்லைடும் தனித்து நிற்க வேண்டும், தலைப்புகளைத் திருத்தியே கை ஓய்ந்துவிடும்.

விளக்கப் பதிவுக்கு விடை. வரிசை மாறினால் கெடும் செய்முறைக்கு, கடைசியில் முடிந்த பொருளின் படமும் படி எண்களும்.